கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

நிர்வாகத்துடன் சுகாதாரம் பற்றிப் பேசப் போகும்போது எமது கோரிக்கைத் தாளில் எப்போதும் மூன்று விடயங்கள் இருக்கும். டிஸ்பென்சரியில் மருந்து இல்லை, டாக்டர் ஐயா கிழமையில் இரண்டு நாள்தான் வருகிறார், அவசரத்துக்கு வாகனம் இல்லை. மூன்றும் நியாயமானவை. ஆனால் அந்த டிஸ்பென்சரி மேசையில் இருக்கும் எவர்சில்வர் தட்டைப் பற்றி நாம் இதுவரை ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. கத்தரிக்கோலும் சாவணமும் தையல் ஊசியைப் பிடிக்கும் இடுக்கியும் கிடக்கும் அந்தத் தட்டைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

"இதெல்லாம் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்லாக் கொதிக்க வச்சுத்தானே எடுக்கிறோம்." அந்தப் பதிலில் பொய் இல்லை. கொதிக்கத்தான் வைக்கிறார்கள். கேள்வி வேறு: எந்தக் கருவிக்குக் கொதி போதும், எதற்குப் போதாது? இதற்கு விடை தெரியாததால் ஒரு பக்கம் தேவையில்லாத வேலையும் மறுபக்கம் ஆபத்தும் நடக்கிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தொற்றுநீக்கல் என்பது நோய் பரப்பும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது. ஸ்பிரிட், குளோரின், கொதிநீர் எல்லாம் இந்த வேலையைச் செய்யும், சில கூடுதலாக, சில குறைவாக. கிருமியழித்தல் என்பது ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கொல்வது. இரண்டுக்கும் இடையில் நிற்பது வித்தி என்னும் பொருள். சில பக்டீரியாக்கள் வாழ முடியாத நிலை வந்ததும் தம்மைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். விதை மண்ணுக்குள் கிடப்பதுபோல வருடக்கணக்காகக் கிடக்கும். கொதிக்கும் தண்ணீர் அதற்குப் பெரிய விடயமில்லை. தண்ணீர் ஆறி, அது மனிதச் சதைக்குள் போய்ச் சேர்ந்ததும் விழித்துக்கொள்ளும்.

ஏற்புவலிக் கிருமி இந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் வித்தி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது. எமது மக்கள் வாழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுப் பட்டி, பக்கத்தில் சாண எரு போட்ட மரக்கறித் தோட்டம், நாள் முழுக்க மலையில் மண்ணோடு வேலை. வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில், சுத்தமில்லாத பிளேட்டால் தொப்புள் கொடியை அறுத்து, ஒரு கிழமைக்குள் பால் குடிக்க முடியாமல் தாடை இறுகிச் செத்த சிசுக்களைப் பற்றி வயதானவர்கள் சொல்வார்கள். தாய்மாருக்கு ஏற்பு ஊசி போடுவதாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும் அந்தக் கதை முடிந்தது. மண்ணிலுள்ள வித்தி முடியவில்லை. அது இன்றும் கவ்வாத்துக் கத்தியின் முனையில் இருக்கிறது.

அப்படியானால் எல்லாக் கருவியையும் கிருமியழிக்க வேண்டுமா? தேவையில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆசிரியராக இருந்த ஏர்ல் ஸ்போல்டிங் என்பவர் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். 1968இல் அச்சான அவருடைய கட்டுரையில் உள்ள அந்த ஒழுங்கைத்தான் இன்றும் உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் பின்பற்றுகின்றன. கருவி என்ன உலோகம், என்ன விலை, எவ்வளவு அழுக்கு என்று அவர் பார்க்கவில்லை. அது உடம்பில் எங்கே தொடப்போகிறது என்று மட்டும் பார்த்தார்.

பசறைப் பக்கத்திலோ லுணுகலைப் பக்கத்திலோ ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கவ்வாத்து மலையில் ஒருவருக்குக் கத்தி வழுக்கி இடது கை பெருவிரலின் அடியில் ஆழமாக வெட்டுகிறது. துண்டால் கட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வருகிறார். அங்கே அவருக்கு என்னென்ன செய்யப்படுகிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

கையில் பட்டி சுற்றிப் பிரஷர் பார்க்கிறார்கள். அந்தப் பட்டி முழுத் தோலின்மேல்தான் படுகிறது. தோல் எங்களுக்கு இயற்கை தந்த நல்ல மதில். அதைத் தாண்டி கிருமி உள்ளே போகாது. ஆகவே பட்டியைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால் போதும், இரத்தம் பட்டிருந்தால் தொற்றுநீக்கித் திரவத்தாலும் துடைக்கலாம். படுக்கும் கட்டிலுக்கும் நெஞ்சில் வைக்கும் குழாய்க்கும் இதே விதிதான். இவற்றை அவிக்கவோ ஊறவைக்கவோ வேண்டியதில்லை.

காய்ச்சல் இருக்கிறதா என்று வாயில் தெர்மோமீற்றர் வைக்கிறார்கள். வாயின் உட்பக்கம் தோல்போல் உரமானதல்ல, ஈரமான மெல்லிய சவ்வு. வித்திகளை அது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் சாதாரண பக்டீரியாவும் வைரசும் அதன்மேல் ஏறும். ஆகவே சவ்வைத் தொடும் கருவிகளுக்குத் துடைப்பது போதாது, உயர்தரத் தொற்றுநீக்கல் வேண்டும். அதாவது வித்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொல்லும் முறை. தாய்மார் பரிசோதனையில் உடம்புக்குள் வைத்துப் பார்க்கும் உலோகக் கருவி இந்த வகைதான். அதை நன்றாகக் கழுவி, தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, முழுக் கொதி வந்த பிறகு 20 நிமிடம் வைத்தால் அது இந்த வேலைக்குத் தகுதியாகிறது. தெர்மோமீற்றரைக் கொதிக்க வைக்க முடியாது, உடைந்துவிடும். அதனால் அதைக் கழுவி 70 வீத ஸ்பிரிட்டில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. வாயில் வைக்காமல் அக்குளில் வைத்தால் அந்தச் சிக்கலும் இல்லை. அக்குள் தோல்தானே. கருவி அதேதான், தொடும் இடம் மாறியதும் விதியும் மாறிவிட்டது. ஸ்போல்டிங்கின் முழு யோசனையும் இந்த ஒரு தெர்மோமீற்றருக்குள் அடங்கிவிடும்.

இப்போது தையல் போடுகிறார்கள். நூல் கோத்த ஊசி உறையிலிருந்து வருகிறது, ஒரு தடவைப் பாவனைதான், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதைப் பிடிக்கும் இடுக்கி, சதையை விலக்கிப் பிடிக்கும் சாவணம், நூலை வெட்டும் கத்தரிக்கோல், இந்த மூன்றும் திரும்பத் திரும்பப் பாவிப்பவை. இவை மதிலைத் தாண்டி உள்ளே, இரத்தம் ஓடும் சதைக்குள் போகின்றன. அங்கே ஒரு வித்தி விழுந்தாலும் தடுக்க ஒன்றுமில்லை. ஆழமான வெட்டை மேலே தைத்து மூடியதும் உள்ளே காற்றுப் போகாது. ஏற்புவலிக் கிருமிக்கு அதுதான் மிகப் பிடித்த இடம். ஆகவே இந்த மூன்று கருவிக்கும் கிருமியழித்தல் மட்டுமே. கொதிநீர் எவ்வளவு நேரமானாலும் இங்கே செல்லாது.

"ஏற்பு ஊசி போட்டுவிடுகிறோமே" என்று சொல்வார்கள். போடத்தான் வேண்டும், அதை யாரும் விடக்கூடாது. ஆனால் வித்தி கட்டும் கிருமி ஏற்புவலி ஒன்று மட்டுமல்ல, சதை அழுகலை உண்டாக்கும் கிருமிகளும் அதே கூட்டத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த ஊசி காவல் இல்லை. இன்னொன்று, முதல் ஆளின் இரத்தம் இடுக்கியின் பல்லுக்குள் காய்ந்து நின்றால் அதற்குள் ஈரல் அழற்சி வைரஸ் இருக்கலாம். அது மண்ணிலிருந்து வருவதல்ல, எமக்கு முன் அந்தக் கட்டிலில் இருந்தவரிடமிருந்து வருவது.

இதில் ஊவா மலைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை நிர்வாகங்களும் கவனிப்பதில்லை, கருவி விற்பவர்களும் சொல்வதில்லை.

கடற்கரையில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மேலே ஏற ஏற வளியமுக்கம் குறையும், கொதிக்கும் வெப்பமும் குறையும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை. பதுளை நகரில் சுமார் 98 பாகை. 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் அப்புத்தளையில் சுமார் 95 பாகைதான். அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பருப்பு வேக இங்கே நேரம் எடுப்பது எமது பெண்களுக்குத் தெரியும். 100 பாகையிலேயே சாகாத வித்தி 95 பாகையில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சவ்வைத் தொடும் கருவிக்கு அந்த 95 பாகையும் உதவும், நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் சரி. சதைக்குள் போகும் கருவிக்கு உதவாது.

அதற்குத்தான் ஓட்டோகிளேவ். அது பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் ஏறும்போது, கடல்மட்டத்தில் உள்ளே 121 பாகை வரும். அந்த வெப்பத்தில் சுற்றாத கருவிக்கு 20 நிமிடமும் துணியில் சுற்றிய கருவிக்கு 30 நிமிடமும் கணக்கு. அமுக்கமும் வெப்பமும் ஏறிய பிறகுதான் மணி பார்க்கத் தொடங்க வேண்டும், அடுப்பில் வைத்த நேரத்திலிருந்து அல்ல.

ஆனால் அப்புத்தளையில் அதே முள் 15 இறாத்தலைக் காட்டும்போது உள்ளே 121 பாகை இல்லை, சுமார் 118 பாகைதான். முள் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை. வெளிக்காற்றே இங்கே மெலிந்துதானே இருக்கிறது. மூன்று பாகைதானே என்று விட முடியாது. வித்தியைக் கொல்வதில் 10 பாகை குறைந்தால் பத்து மடங்கு நேரம் வேண்டும். சுமார் மூன்று பாகை குறைந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கருவி செய்தவர் அனுமதித்தால் அமுக்கத்தை இரண்டு முதல் இரண்டரை இறாத்தல் கூட்டி வைக்கலாம், ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் அரை இறாத்தல் என்பது கணக்கு. அந்த வசதி இல்லாவிட்டால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். வெப்பத்தை நேரடியாக அளந்து ஓடும் புதிய மின் ஓட்டோகிளேவுக்கு இந்தக் கவலையே இல்லை. நாம் கேட்க வேண்டியது அந்த வகையைத்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அடுப்பு வகையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று கம்பனி சொன்னால், இந்த விடயத்தை முதலில் கேளுங்கள்.

அடுப்பு வகையில் இன்னொரு கண்ணியும் உண்டு. மூடியைப் பூட்டியதும் வால்வையும் மூடிவிட்டால் உள்ளே இருந்த காற்று வெளியே போகாது. காற்றும் ஆவியும் சேர்ந்து 15 இறாத்தலைக் காட்டும், ஆனால் வெப்பம் ஏறாது. பாதிக் காற்று உள்ளே நின்றால் கடல்மட்டத்திலேயே சுமார் 112 பாகைதான் வரும். ஆவி வால்விலிருந்து சீராகச் சீறிக்கொண்டு பல நிமிடம் வந்த பிறகுதான் மூட வேண்டும். அவசரக்காரர் கையில் இது பிழைத்துவிடும், பிழைத்ததும் தெரியாது. கருவிகளை நெருக்கி அடைத்தாலும் இதேதான் நடக்கும், இடையில் ஆவி புக வழியில்லை.

பிழை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எகிப்தில் நைல் ஆற்றங்கரைக் கிராமங்களில் நத்தைக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஒட்டுண்ணி நோய் பரவலாக இருந்தது. அதை ஒழிக்க அரசாங்கம் 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக மருந்து ஊசி போட்டது. நல்ல நோக்கம். கண்ணாடி ஊசிக் குழாய்களைத் திரும்பத் திரும்பப் பாவித்தார்கள். ஒரு நாள் காலையில் நேரில் பார்த்த ஒரு வெளிநாட்டு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு வைத்தியர் ஒரு மணித்தியாலத்துக்குள் 504 பேருக்கு ஊசி போட்டு முடித்தார். பாவித்த குழாயைத் தாதி கழுவி ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கொதிக்க வைத்துத் திரும்பக் கொடுத்தார். யாரும் சோம்பேறியில்லை, யாரும் கெட்டவரில்லை, வரிசைதான் நீளம். அந்த ஊசியில் ஹெப்படைட்டிஸ் சீ வைரஸ் ஆளுக்கு ஆள் ஏறியது. 2008இல் எகிப்தில் நடத்திய ஆய்வில் 15 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு அந்த வைரஸ் பட்ட அடையாளம் இரத்தத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வு இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. ஈரல் நோய் தலைகாட்ட 20, 30 வருடம் எடுத்ததால் யாருக்கும் காரணம் தெரியவில்லை. எமது டிஸ்பென்சரிகளில் இன்று ஊசிக் குழாய் ஒரு தடவைப் பாவனைதான். நாம் கவலைப்படுவது இன்னும் திரும்பத் திரும்பப் பாவிக்கப்படும் இரும்பைப் பற்றி.

எகிப்துக் கதையில் கழுவுவது பற்றியும் யோசிக்க வேண்டும். காய்ந்த இரத்தம் கிருமிக்குக் குடை. அதற்குமேல் எந்த ஆவியும் மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. இடுக்கியின் மூட்டைத் திறந்து, பல்லுக்குள் பிரஷ் போட்டு, சவர்க்காரத்தில் தேய்த்து, அலசி, காய வைத்த பிறகுதான் ஓட்டோகிளேவ். இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்கும் எமது பெண்தான். அவருக்குத் தடித்த கையுறையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, தைத்த கத்தரிக்கோல் கையில் குத்தினால் யாரிடம் சொல்வதென்றும் தெரியாது. இதையும் சுகாதாரக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அவரும் சங்க அங்கத்தவர்.

மேசையில் இன்னொரு பொருளையும் பலர் பார்த்திருப்பீர்கள். போத்தலில் மஞ்சளாகச் சாவ்லோன் கரைசல், அதற்குள் நிற்கும் நீளச் சாவணம். அதை எடுத்துத்தான் "சுத்தமான" பொருள்களைத் தொடுவார்கள். அந்தக் கரைசல் வித்தியைக் கொல்லாது. நாட்பட்டால், கரைசல் மெலிந்தால், அதற்குள்ளேயே வளரக்கூடிய பக்டீரியாவும் உண்டு. கிருமியழித்த பொட்டலத்தை அந்தச் சாவணத்தால் திறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

நோயாளியாகப் போகும் எமது ஆட்கள் என்ன பார்க்கலாம்? தையல் கருவிகள் எமது கண்முன்னே ஒரு பொட்டலத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பொட்டலம் காய்ந்திருக்க வேண்டும், ஈரமான துணியை ஊடுருவிக் கிருமி உள்ளே போகும். மேலே ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுத்திருக்க வேண்டும், தேதி எழுதியிருக்க வேண்டும். கறுத்த கோடு ஓட்டோகிளேவுக்குள் போய் வந்ததற்கு அடையாளம் மட்டும்தான். உள்ளே வித்தி செத்ததா என்று அறிய, செத்துப்போகக் கடினமான ஒரு பக்டீரியாவின் வித்தியைக் குப்பியில் வைத்து ஓட்டி, பிறகு அது வளர்கிறதா என்று சோதிக்கும் முறை இருக்கிறது. அதைத் தோட்டத்தில் செய்ய முடியாது, ஆஸ்பத்திரியின் உதவி வேண்டும். தண்ணீரிலிருந்து நேரே சொட்டச் சொட்ட எடுத்த சாவணத்தைக் காயத்துக்குக் கொண்டுவந்தால், "ஐயா, பொட்டலம் இல்லையா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். டாக்டர் ஐயாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். மின்சாரமில்லாத நாளில், உதவிக்கு ஆளில்லாத இடத்தில் அவரும் இருப்பதை வைத்துத்தான் ஓட்டுகிறார். கொடுக்க வேண்டியவர் மேலே இருக்கிறார்.

நிர்வாகம் என்ன சொல்லும் என்றும் தெரியும். "சின்னத் தோட்டம், மாதத்தில் நாலைந்து தையல்தான், அதற்கு ஓட்டோகிளேவா?" இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். நாலைந்து தையலுக்காக ஒரு இயந்திரம் வாங்கி, அதை ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுத்தால் அது மூலையில் துருப்பிடிக்கும், அல்லது நாம் மேலே சொன்ன பிழைகளோடு ஓடும். அப்படி ஓடுவதைவிட இல்லாமலிருப்பது மேல். ஆகவே எல்லாத் தோட்டத்துக்கும் ஓட்டோகிளேவ் என்று எழுதுவதை விட்டுவிட்டு வேறு மாதிரிக் கேட்கலாம். கருவிப் பொட்டலங்களைப் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் கிருமியழித்து வாங்கி வைப்பது. பாவித்ததைக் கழுவி அனுப்பி, புதியதை எடுத்து வருவது. கிழமைக்கு ஒருமுறை கொழுந்து லொறியோ டிஸ்பென்சரி வாகனமோ எப்படியும் டவுனுக்குப் போகிறது. ஆறு பொட்டலம் இருந்தால் ஒரு சிறிய தோட்டம் ஓடும். அதற்குப் பிராந்திய சுகாதாரப் பணிமனையோடு கம்பனி ஓர் ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். அது முடியாத இடத்தில் உறையில் வரும் ஒரு தடவைப் பாவனைத் தையல் தொகுதிகளை வாங்கி வைக்கட்டும். அதுவும் இல்லையென்றால் அங்கே தைக்கவே கூடாது. காயத்தைக் கழுவி, அமுக்கிக் கட்டி, ஏற்பு ஊசி போட்டு, ஆளைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ தியத்தலாவைக்கோ வாகனம் வைத்து அனுப்ப வேண்டும். அன்றைய நாள் சம்பளம் வெட்டப்படக்கூடாது.

பல தோட்டம் சேர்ந்த பெரிய டிஸ்பென்சரிகளுக்கு, தினமும் காயக்காரர் வரும் இடங்களுக்கு, வெப்பத்தை அளந்து ஓடும் மின் ஓட்டோகிளேவ் ஒன்றும், அதை ஓட்டப் பயிற்றப்பட்ட ஒருவரும், ஒவ்வொரு ஓட்டத்தின் தேதியும் வெப்பமும் நேரமும் எழுதும் ஒரு கொப்பியும் வேண்டும். அந்தக் கொப்பியைத் தோட்டத் தலைவர்மார் மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று உடன்பாட்டில் எழுதிவிட வேண்டும். பிரஷர் பட்டியையும் கட்டிலையும் அவிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மூன்று சாமானைப் பற்றித்தான் பேசுகிறோம்.

தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்துக்கு முன் தத்தம் டிஸ்பென்சரியில் போய் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்புங்கள்: தையல் இடுக்கி கடைசியாக எங்கே, எதில், எத்தனை நிமிடம் அவிக்கப்பட்டது? பதில் "தெரியாது" என்றாலும் அதையே எழுதுங்கள்.